அரைத் தட்டு காய், கால் தட்டு சோறு: அட்டை வைத்து நடத்தும் பாடம் (கேள்வி பதில்)

கடலூர் முதுநகர், 5-ஆம் வகுப்பு ஆசிரியை: ஒரே பீரியடுல சரிவிகித உணவுத் தட்டு நடத்தணும் மேடம். போன வருஷம் அட்டை குடுத்தா பிள்ளைங்க நல்ல சாப்பாடு, கெட்ட சாப்பாடுன்னு ரெண்டு குவியலா போட்டுட்டு உட்காந்துட்டாங்க. என்னென்ன அட்டை வைக்கலாம்?

சிப்ஸ், குளிர்பானம், இட்லி, கீரை எல்லாம் ஒரே கட்டில் இருந்திருக்கும். அப்படி இருந்தால் எந்தப் பிள்ளையும் ரெண்டாகத்தான் பிரிக்கும். முதல் சுற்றில் பாக்கெட் தீனியும் வேண்டாம், சமைத்த பதார்த்தமும் வேண்டாம். கடையிலும் சந்தையிலும் வாங்குகிற பொருள் மட்டும் போதும்.

ஐந்து பேருக்கு ஒரு கட்டு, கட்டுக்கு 20 அட்டை. பழைய நாட்காட்டி அட்டையை உள்ளங்கை அளவுக்கு வெட்டினால் மடங்காது. அரிசி, கேழ்வரகு, கம்பு, ரவை, உருளைக்கிழங்கு, துவரம்பருப்பு, கொண்டைக்கடலை, முட்டை, மத்தி மீன், தயிர், முருங்கைக்கீரை, கத்தரிக்காய், அவரைக்காய், கேரட், பூசணி, கொய்யா, வாழைப்பழம், நல்லெண்ணெய், தேங்காய், வேர்க்கடலை. பிள்ளைகள் வீட்டில் பார்த்தே இராத பொருளைப் போட்டால் படத்தின் நிறத்தைப் பார்த்துப் பிரிப்பார்கள்.

தரையில் சாக்பீஸால் பெரிய வட்டம் போடுங்கள். பாதி காய், கீரை, பழத்துக்கு. கால் பங்கு தானியம், கிழங்குக்கு. மீதிக் கால் பங்கு பருப்பு, முட்டை, மீன், தயிருக்கு. வட்டத்துக்கு வெளியே ஒரு சின்னக் கிண்ணம் வரைந்தால் அது எண்ணெய், தேங்காய், கொட்டை வகைக்கு. பிரிக்கப் பத்து நிமிஷம் விடுங்கள். அதற்குப் பிறகு வரும் சண்டைக்கும் பத்து நிமிஷம் ஒதுக்குங்கள். பாடம் அந்தச் சண்டையில்தான் நடக்கும்.

பண்ருட்டி, நடுநிலைப்பள்ளி ஆசிரியர்: எங்க ஊர்ல முந்திரி அட்டையைப் பாதிப் பேர் பழத்துல வைக்கிறாங்க. உருளைக்கிழங்கைக் காய்ல வைக்கிறாங்க. தப்புன்னு சொல்லவா?

முந்திரியில் தப்பு அட்டையுடையது சார். பண்ருட்டிப் பிள்ளைக்கு முந்திரி என்றால் மரத்தில் தொங்கும் பழமும் அதன் நுனியில் ஒட்டிய கொட்டையும் சேர்ந்துதான். இரண்டு அட்டையாகப் போடுங்கள். பழம் தட்டின் பாதியில் சேரும், பருப்பு வெளிக் கிண்ணத்துக்குப் போகும்.

உருளையைக் காய்கறிக் கடையில் வாங்குவதால் காய் என்கிறார்கள். கடையை விட்டுவிட்டு, "வயிறு நிறைய இது மட்டும் சாப்பிட்டுப் பசியாற முடியுமா?" என்று கேளுங்கள். உருளை, மரவள்ளி, சேப்பங்கிழங்கு மூன்றுக்கும் முடியும் என்பார்கள். மாவுச்சத்து மிகுந்தவை என்பதால் அவை சோற்றுப் பக்கம் போகும். மண்ணுக்கடியில் விளைவதெல்லாம் கிழங்கு என்று விதி சொல்லிவிடாதீர்கள். கேரட்டும் முள்ளங்கியும் அந்த விதியில் மாட்டிக்கொள்ளும்.

குறிஞ்சிப்பாடி, அங்கன்வாடி பணியாளர்: சாம்பார் அட்டையை எங்க வைக்கிறது? பருப்பும் இருக்கு, காயும் இருக்கு. இட்லில உளுந்து இருக்குதே, அதுவும் பருப்புப் பக்கம்தானே?

அதனால்தான் சமைத்த பதார்த்தத்தை இரண்டாம் சுற்றுக்குத் தள்ளச் சொல்கிறேன். அந்தச் சுற்றில் அட்டையை எங்கும் வைக்க வேண்டாம். ஒரு பதார்த்தத்துக்குப் பத்துப் புளியங்கொட்டை கொடுத்து, அதை வட்டத்தின் பங்குகளில் பிரித்து வைக்கச் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்ட இட்லியையே எடுத்துக்கொள்வோம். நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்றால் எட்டுக் கொட்டை தானியத்துக்கும் இரண்டு பருப்புக்கும் வரும். உளுந்து இருப்பது உண்மை, ஆனால் மூன்று சின்ன இட்லியில் அது ஏறக்குறைய 10 கிராம்தான். பருப்புப் பங்கு அதனால் நிரம்பாது. வெண்பொங்கலில் பாசிப்பருப்பு கொஞ்சம் கூடும், நெய்யும் வரும், காய்ப் பக்கம் ஒரு கொட்டைகூடப் போகாது. இதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள்.

சாம்பாரில் ஏமாறும் இடம் தண்ணீர். நாலைந்து பேர் இருக்கிற வீட்டில் 100 கிராம் துவரம்பருப்பு போட்டு ஒரு லிட்டர் சாம்பார் வைத்தால் ஆளுக்கு 20 முதல் 25 கிராம் பருப்பு கிடைக்கும். அதே பருப்பை இரண்டு லிட்டராக நீட்டி, மேலாக ஒரு கரண்டி ஊற்றினால் பருப்பு பாத்திரத்தின் அடியில் நின்றுவிடும். கரண்டியால் அடிவரை கலக்கி ஊற்றச் சொல்லுங்கள். அங்கன்வாடிப் பிள்ளைகளுக்குப் புளியங்கொட்டை வேண்டாம், வாயில் போட்டுக்கொள்வார்கள். வாய்க்குள் போகாத அளவுக்குப் பெரிய மூடி வையுங்கள்.

நெல்லிக்குப்பம், பெற்றோர்: தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தோட தட்டுல நாளைக்குத் தானியம் 250 கிராம்னு போட்டிருக்கு. அப்ப ஒரு நாளைக்கு 250 கிராம் சோறுதானே? நம்ம பிள்ளைங்க ஒரு வேளையிலேயே அதைத் தாண்டிடுதே.

எண் சரி, எடுத்துக்கொண்ட விதம் பாதிதான் சரி. அது வேகாத எடை. 100 கிராம் அரிசி வெந்தால் 250 முதல் 300 கிராம் சோறு ஆகும். ஆகவே 250 கிராம் தானியம் என்பது சமைத்த பிறகு 625 முதல் 750 கிராம் வரை வரும், அதுவும் நாள் முழுக்க. அந்தத் தட்டு ஒரு நாளைக்கு 2000 கிலோகலோரி தேவைப்படும் பெரியவருக்குப் போட்டது. காய், கீரை 400 கிராம், பழம் 100, பருப்பு வகை 85, பால் 300 மில்லி என்று அதிலேயே வரும். பத்து வயதுப் பிள்ளைக்கு அளவை அப்படியே ஏற்றக் கூடாது, விகிதத்தை எடுத்துக்கொள்ளலாம்.

ஆசிரியர்கள் கவனிக்க வேண்டியதும் இதில் உண்டு. அந்தப் படம் வேகாத எடையில் போட்டது. நாம் தரையில் போடும் வட்டமோ பரிமாறிய சாப்பாட்டுக்கு. இரண்டையும் ஒரே வகுப்பில் காட்டினால் குழப்பம்தான் மிஞ்சும்.

கடலூர், வாசகர்: தட்டுன்னா எவர்சில்வரா, வாழை இலையா? எது உடம்புக்கு நல்லது?

கேள்வி வேறு பக்கம் போய்விட்டது அண்ணே. இங்கே பார்ப்பது தட்டில் எது எவ்வளவு என்பதை. ஆனாலும் இலையைச் சொன்னது நல்லதாயிற்று. விருந்து இலையில் மேல் பாதி கூட்டு, பொரியல், பச்சடிக்கு. கீழ்ப் பாதி சோற்றுக்கு. பிள்ளைகளுக்கு அந்த இலை தெரியும். வட்டத்துக்குப் பதில் இலை வரைந்தும் நடத்தலாம். ஒரே சிக்கல், மேல் பாதியில் அப்பளமும் வறுவலும் இனிப்பும் இடம் பிடித்துக்கொள்ளும். சோறு மூன்று தடவை வரும், பொரியல் ஒரு தடவைதான்.

கடலூர் மாவட்டம், சத்துணவு சமையலர்: வகுப்புல பாதித் தட்டு காய்னு சொல்லிக் குடுத்துட்டு அனுப்புறீங்க. எங்களுக்குத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு அளவு 100 கிராம் அரிசி, 50 கிராம் காய். பிள்ளைங்க வந்து "காய் எங்க ஆயா?"ன்னு கேக்குது. நான் என்ன சொல்ல?

நியாயமான கேள்வி அம்மா. 100 கிராம் அரிசி 250 கிராமுக்கு மேல் சோறாகும்போது 50 கிராம் காயால் பாதித் தட்டு நிரம்பாது. பருப்பு 20 கிராம். அந்த அளவுக்குள் இருந்துகொண்டு அரைத் தட்டைக் காட்ட வழியில்லை. மதியத் தட்டில் குறைவது எது என்று பிள்ளைகள் கண்டுபிடிப்பதையே ஒரு பயிற்சியாக ஆசிரியர் வைக்க வேண்டும். அந்தக் குறையைக் காலை, மாலை, இரவில் ஈடுகட்டுவதுதான் அடுத்த வேலை. உங்களைக் கேள்வி கேட்கும்படி விடக் கூடாது.

இன்னொன்று. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம் தருகிறீர்கள். முட்டைக்குப் பதில் கொடுப்பதால் அந்த அட்டையைப் பிள்ளைகள் முட்டையோடு சேர்த்து வைக்கிறார்கள். ஒரு முட்டையில் 6 கிராம் அளவு புரதம், வாழைப்பழத்தில் ஒரு கிராம் சுற்றி. பழம் பழத்தின் பங்கில்தான் நிற்கும். அந்தப் பிள்ளைக்கு மாலையில் சுண்டல் வேண்டும்.

புதுச்சேரி முத்தியால்பேட்டை, பயிற்சி ஆசிரியை: உணவுத் திட்டம் போடச் சொன்னா எல்லாரும் ஆப்பிள், பாதாம், பன்னீர்னு எழுதித் தர்றாங்க. வீட்ல அது எதுவும் இல்ல. எப்படி மாத்துறது?

வெறும் தாளில் "திட்டம் போடு" என்றால் விளம்பரத்தில் பார்த்ததை எழுதுவார்கள். முதலில் நேற்று சாப்பிட்டதை எழுத வையுங்கள், பெயர் போடாமல். பிறகு இரண்டே மாற்றம் செய்யலாம், அதுவும் தெருமுனைக் கடையில் கிடைப்பதை வைத்து என்று எல்லை போடுங்கள்.

ஒரு தாளைப் பார்ப்போம். காலை மூன்று இட்லி, தேங்காய்ச் சட்னி. மதியம் பள்ளியில் சாம்பார் சாதம், முட்டை. மாலை டீ, பிஸ்கட். இரவு சோறு, மத்தி மீன் குழம்பு. நாலு வேளைக்கும் எதிரே தட்டின் பங்குகளைக் கட்டம் போட்டு டிக் அடிக்கச் சொல்லுங்கள். தானியம் நாலு இடத்திலும் விழும். முட்டையும் மீனும் இருப்பதால் புரதப் பக்கம் மதியமும் இரவும் தேறிவிடும். காய்க் கட்டத்தில் மதியம் மட்டும் ஒரு டிக், பழத்தில் ஒன்றுமில்லை.

இங்கே பிள்ளைகள் முதலில் போடும் மாற்றம் பெரும்பாலும் பால். நல்லதுதான், ஆனால் காய், பழக் கட்டங்கள் அப்படியே இருக்கும். கட்டத்தைக் காட்டி மறுபடி கேளுங்கள். மாலை பிஸ்கட்டுக்குப் பதில் ஒரு கொய்யா, இரவு மீன் குழம்போடு ஒரு கரண்டி முருங்கைக்கீரைப் பொரியல் என்று வரும்வரை விடாதீர்கள். கீரை வெந்தால் சுருங்கும்; உருவிய கீரை நாலு கைப்பிடி சேர்ந்தால்தான் ஒரு கரண்டி தேறும். அம்மாவிடம் சொல்லும்போது பிள்ளைக்கு இந்த அளவு தெரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் நாலு இலை குழம்பில் மிதக்கும், கட்டத்தில் டிக் விழுந்துவிடும்.

புதுச்சேரி, வாசகர்: எனக்கு மூணு வருஷமா சர்க்கரை. மாத்திரை போடுறேன். நாளையிலேருந்து சோத்தைக் கால் தட்டாக் குறைச்சிடவா?

இந்தப் பாடம் பள்ளிப் பிள்ளைகளுக்கு. கால் தட்டு அளவு உங்களுக்கும் பொருந்தலாம். ஆனால் சில மாத்திரைகளைப் பழைய அளவிலேயே போட்டுக்கொண்டு சோற்றைத் திடீரென்று குறைத்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். மருத்துவரிடம் மாத்திரைச் சீட்டைக் காட்டிக் கேட்ட பிறகு குறையுங்கள்.

கடலூர் முதுநகர் ஆசிரியை (மறுபடி): புரிஞ்சுதா இல்லையான்னு எப்படிப் பாக்குறது? பரிட்சை வைக்கவா?

அட்டைக் கட்டில் வராத ஒரு சாப்பாட்டைக் கரும்பலகையில் எழுதுங்கள்: எலுமிச்சை சாதம், உருளை வறுவல், அப்பளம். "இதில் என்ன குறை?" என்று கேளுங்கள். "எண்ணெய் ஜாஸ்தி, அப்பளம் கெட்டது" என்று மட்டும் வந்தால் பழைய இரண்டு குவியல் மனதில் இன்னும் இருக்கிறது. "வறுவலும் சோத்துப் பக்கம்தான், காயே இல்ல, பருப்பும் இல்ல" என்று ஒரு பிள்ளை சொன்னால் பிடிபட்டுவிட்டது.

பண்ருட்டி ஆசிரியர் (மறுபடி): வேர்க்கடலையை வெளிக் கிண்ணத்துல போட்டுட்டீங்க மேடம். நூறு கிராம்ல 25 கிராம் புரதம் இருக்கு, செடியும் பயறு இனம். கொள்ளிடம் வரைக்கும் விளையுது, ஏழை வீட்டுப் புரதமே அதுதான். எனக்கு ஒப்பல.

புரதம் நீங்கள் சொல்லும் அளவு உண்டு, கூடவே 40 கிராமுக்கு மேல் கொழுப்பும் உண்டு. அதனால் கொட்டை வகையோடு வைத்தேன். மீனும் முட்டையும் இல்லாத வீட்டில் ஒரு கைப்பிடி அவித்த கடலையைப் புரதப் பங்கில் வைத்தால் நான் தப்பு என்று சொல்ல மாட்டேன். இரண்டு இடத்திலும் எண்ணிவிடக் கூடாது, அவ்வளவுதான். உங்கள் வகுப்பில் எந்தப் பக்கம் என்பதை நீங்களே முடிவு செய்து, அட்டையின் பின்னால் எழுதிவிடுங்கள்.