ஒரே முகப்படத்தில் மருத்துவரும் விமானியும்

கேள்வி: என் 6 வயது மகளின் ஒரே ஒரு படத்தை வைத்து, அவளை மருத்துவராகவும் விமானியாகவும் காட்டும் போஸ்டர் செய்து வாங்கினேன். இரண்டிலும் தலையை வெட்டி ஒட்டியது அப்பட்டமாகத் தெரிகிறது. எங்கே தவறு?

பதில்: ஸ்டுடியோவில் இத்தகைய போஸ்டர்களைப் போட்டோஷாப்பில் செய்து வருபவன் என்ற முறையில் சொல்கிறேன். பெரும்பாலும் பிழை கழுத்தை வெட்டிய இடத்தில் இருப்பதில்லை, தோளில் இருக்கிறது. வளர்ந்தவரின் தோள் அகலம் ஏறத்தாழ மூன்று தலை அகலம் இருக்கும்; 6 வயதுக் குழந்தைக்கோ அது இரண்டு தலை அகலத்தைச் சற்றே தாண்டும். வளர்ந்த மருத்துவர் ஒருவரின் வெள்ளைக் கோட்டுப் படத்தில் குழந்தையின் முகத்தைப் பொருத்தும்போது, கழுத்துப்பட்டைக்கு ஏற்பத் தலையைச் சிறிதாக்கினால் பெரிய உடலில் சிறு தலையாகவும், தோளுக்கு ஏற்பப் பெரிதாக்கினால் கேலிச்சித்திரமாகவும் முடிகிறது. கோட்டை மட்டும் பக்கவாட்டில் நசுக்குவதும் உதவாது, ஏனெனில் வட்டமான பொத்தான்கள் நீள்வட்டமாகிக் காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே, மாறுவேடப் போட்டிக்கு வாடகைக்குக் கிடைக்கும் உடையை ஏறத்தாழ அதே வயதுக் குழந்தைக்கு அணிவித்து எடுத்த படத்தையே நான் உடலாகப் பயன்படுத்துகிறேன். கைகள் கோட்டுப் பைக்குள் இருக்குமாறு எடுத்துக்கொண்டால், முகத்தின் நிறத்தோடு விரல்களின் நிறத்தைப் பொருத்தும் வேலையும் மிச்சமாகிறது.

அடுத்தது வெளிச்சம். உங்கள் மகளின் மூக்கு நிழல் எந்தப் பக்கம் விழுகிறதோ, கழுத்துப்பட்டையின் நிழலும் அந்தப் பக்கமே விழ வேண்டும். விழாவிட்டால் உடலை இடவலமாகத் திருப்புவது வழக்கம். ஆனால் அப்போது விமானியின் இடது மார்பில் இருக்க வேண்டிய சிறகுச் சின்னம் வலதுபக்கம் போய்விடும், கோட்டுப் பையும் அப்படியே. அவற்றைத் தனியே வெட்டி இடம் மாற்ற மறந்துவிட்ட போஸ்டர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். விமானியின் தொப்பிக்கு இன்னொரு வேலை உண்டு: விளிம்பின் நிழல் நெற்றியில் விழாவிட்டால் அது தலையின் மேல் மிதக்கும். கீழே உள்ள நிறத்தை அடர்த்தியாக்கும் Multiply முறையில் ஓர் அடுக்கு சேர்த்து, தோலின் நிறத்தையே அடர்த்தியாக்கி அந்த நிழலைத் தீட்ட வேண்டும்; கறுப்பில் தீட்டினால் அழுக்குப் படிந்தது போலாகிவிடும்.

படத்தை எப்படி அனுப்பினீர்கள் என்பதையும் பாருங்கள். மூல நிழற்படத்தில் முகம் 1000 பிக்சல் உயரம் இருந்து, அது 12-க்கு 18 அங்குலப் போஸ்டரில் நாலரை அங்குல உயரத்துக்கு வந்தால், அங்குலத்துக்கு ஏறத்தாழ 220 பிக்சல் கிடைக்கும், அது போதும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும்போது படம் சுருங்கி அதே முகம் 400 பிக்சலாகிவிட்டால், அங்குலத்துக்கு 90 பிக்சல்கூட மிஞ்சாது. உடை கூர்மையாகவும் முகம் மங்கலாகவும் அச்சாகி, ஒட்டிய கோடு இன்னும் எடுப்பாகத் தெரியும். மூலப் படத்தை டாக்குமென்டாக அனுப்பி, குழந்தையின் உடலளவிலான உடைப் படத்தில் மறுபடி செய்து தரச் சொல்லுங்கள்.