கச்சான் புரையேறி நாலாம் நாள் தொடங்கும் இழுப்பு: கேள்வி பதில்

காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் வேலை செய்கிறேன். சின்னப் பிள்ளைகளின் மூச்சுக்குழாயில் சிக்கிய கச்சான், விதை பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

ஏறாவூர், ஒன்றரை வயது மகனின் தாய்: வெள்ளிக்கிழமை மூத்தவளின் கச்சானைப் பறித்து வாயில் போட்டவன், புரையேறி முகமெல்லாம் சிவந்து இருமினான். கொஞ்ச நேரத்தில் சரியாகி விளையாடப் போய்விட்டான். மூன்று நாள் ஒன்றுமில்லை. இப்போ இருமல், இரவில் கீச்சுக் கீச்சென்று சத்தம். தடிமன் என்று பாணி மருந்து தந்தார்கள். இன்னும் இரண்டு நாள் பார்க்கலாமா?

பார்க்க வேண்டாம் தங்கச்சி, இன்றைக்கே மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள். போனதும் இருமலில் இருந்து கதையைத் தொடங்காதீர்கள். "வெள்ளிக்கிழமை கச்சான் புரையேறினது" என்பதுதான் முதல் வார்த்தையாக இருக்கட்டும், ஏனென்றால் இருமல், இழுப்பு என்று மட்டும் கேட்டால் எந்த டொக்டருக்கும் முட்டுத்தான் முதலில் நினைவுக்கு வரும்.

அந்த மூன்று நாள் அமைதிதான் எல்லாரையும் ஏமாற்றுவது. கச்சான் தொண்டைக்குக் கீழே இறங்கும்போது பிள்ளை பயங்கரமாக இருமும். அது ஒரு பக்கத்துக் கிளைக்குழாயில் போய்ப் படிந்துவிட்டால் அந்த இடம் பழகிப்போய் இருமல் அடங்கிவிடும். ஆனால் கச்சான் ஈரத்தில் ஊதும், அதில் உள்ள எண்ணெய் குழாயின் உள்தோலைப் புண்ணாக்கும், சுற்றி வீக்கம் வரும், வழி குறுகும். அப்போதுதான் இழுப்புத் தொடங்குகிறது.

போகிற வழியில் பால், பிஸ்கட் எதுவும் கொடுக்காதீர்கள், கடைசியாக எத்தனை மணிக்கு என்ன சாப்பிட்டான் என்று நினைவு வைத்திருங்கள். மயக்க மருந்து கொடுப்பதென்றால் திண்ம உணவுக்குப் பிறகு பொதுவாக 6 மணித்தியாலம் விடுவார்கள். உதடு நீலமானாலோ, மூச்செடுக்கும்போது விலா உள்ளே இழுபட்டாலோ, உடனே 1990க்கு அடியுங்கள்.

அக்கரைப்பற்று, ஒரு தகப்பன்: காசு விழுங்கினால் எக்ஸ்ரேயில் தெரியும்தானே டொக்டர், அப்போ கச்சானும் தெரியத்தானே வேணும். எங்கட பிள்ளையின் எக்ஸ்ரே சுத்தம். நெபுலைஸ் பண்ணினால் கொஞ்சம் குறையுது. இது முட்டுத்தான் என்று நினைக்கிறேன்.

காசு விஷயம் சரி, அது உலோகம். கச்சான், வத்தகப்பழ விதை, பிளாஸ்டிக் எதுவும் படத்தில் விழாது. நாங்கள் படத்தில் தேடுவது கச்சானை அல்ல, அடைபட்ட காற்றை. சைக்கிள் டியூப் வால்வு போல காற்று உள்ளே போகும், வெளியே வர விடாது. அதனால் மூச்சை விட்ட பிறகும் அந்தப் பக்க நுரையீரல் சுருங்காமல் கறுப்பாக, பெரிதாக இருக்கும், இதயம் மற்றப் பக்கம் தள்ளுப்பட்டிருக்கும். மூச்சை இழுத்த நேரத்தில் எடுத்த படத்தில் இரண்டு பக்கமும் ஒன்றாகவே தெரியலாம். ஒன்றரை வயதுப் பிள்ளையிடம் மூச்சை விட்டுக்கொண்டு நில் என்று சொல்ல முடியாதுதானே, அதனால் சில நேரம் சரித்துப் படுக்கவைத்து இன்னொரு படம் எடுப்போம். அதுவும் சுத்தமாக இருந்து, உள்ளே கச்சான் இருந்த பிள்ளைகளும் உண்டு.

நெபுலைஸ் பண்ணக் குறைவதை நம்பவேண்டாம். கச்சானைச் சுற்றி இறுகிய தசை கொஞ்சம் தளரும், அவ்வளவுதான். முன்பு ஒருநாளும் இழுப்பு வராத பிள்ளைக்குப் புரையேறிய பிறகு வந்திருக்கிறதா, ஒரு பக்க நெஞ்சில் காற்றுச் சத்தம் குறைவா என்பதுதான் கேள்வி. ஆனால் இரண்டு பக்கமும் சத்தம் இருந்தால் கச்சான் இல்லை என்றும் சொல்ல முடியாது. பெரிய குழாயிலேயே நின்றால் இரண்டு பக்கமும்தான் கேட்கும்.

திருக்கோவில், ஒரு அப்பம்மா: எங்கட பேரன் புளியங்கொட்டை விழுங்கினவன். வாழைப்பழம் கொடுத்தோம், அடுத்த நாள் வெளியே போய்விட்டது. இந்தப் பிள்ளைக்கும் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கோ.

அது வயிற்றுக்குப் போன கொட்டை அம்மா, அதற்கு வெளியே போக வழி இருக்கிறது. இது மூச்சுக்குழாய்க்குள் போனது. வாழைப்பழம் அங்கே போகாது, இருமுகிற பிள்ளைக்குக் கொடுத்தால் அதுவும் புரையேறும்.

காத்தான்குடி, ஒரு தாய்: மயக்கிக் குழாய் விட வேணும் என்கிறார்கள். மூத்தம்மா வேண்டாம் என்று அழுகிறா. இருமி இருமித் தானாக வெளியே வராதா?

எப்போதாவது வரும், அதை நம்பி இருக்க முடியாது. இடம் பெயர்ந்து மேலே வந்து குரல்வளையில் சிக்கினால் முழு மூச்சும் நின்றுவிடும். முதுகில் தட்டிச் சளி எடுக்கும் பயிற்சியை நாங்கள் தவிர்ப்பதும் இதனால்தான்.

நான் பார்த்த ஒரு பிள்ளையைச் சொல்கிறேன். இரண்டு வயதுகூட ஆகவில்லை. கோயில் திருவிழாவில் வாங்கின கச்சான், புரையேறினது, அடங்கினது. சில நாளில் இழுப்பு, நெபுலைஸ், அன்டிபயோட்டிக், கொஞ்சம் சுகம், மறுபடி காய்ச்சல். ஒருவரும் புரையேறிய கதையைக் கேட்கவில்லை, வீட்டாரும் அதை மறந்துவிட்டார்கள். வார்டில் வலது நெஞ்சில் காற்றுக் குறைவாகக் கேட்ட பிறகுதான் "ஏதாவது புரையேறினதா" என்று கேட்டு, தாய்க்கு நினைவு வந்தது. மயக்கி வாய் வழியாக நேரான உலோகக் குழாயை இறக்கிப் பார்த்தால், வலது பெருங்கிளையில் ஊதி மென்மையான அரைக் கச்சான், சுற்றிச் சிவந்த சதை, பின்னால் சீழ். ஊதிய கச்சானை இடுக்கி இறுக்கினால் நொறுங்கும், அதனால் மெதுவாகப் பிடித்துக் குழாயோடு சேர்த்தே வெளியே எடுக்க வேண்டும். எடுத்ததும் மறுபடி இறக்கி இரண்டு பக்கமும் பார்த்தோம், துண்டு மிஞ்சியிருந்தால் கதை முடியாது. அந்தப் பிள்ளைக்கு இருமல் முழுதாக அடங்கக் கொஞ்ச நாள் பிடித்தது, தோல் ஆற வேண்டுமே.

மூத்தம்மாவின் பயம் நியாயமானது, மயக்கத்தில் ஆபத்தே இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் நாள் போகப் போக வீக்கமும் சீழும் கூடி, எடுப்பது கஷ்டமாகும்.

கல்லாறு, ஒரு மாமா: புரையேறுகிற அந்த நேரம் தலைகீழாகத் தூக்கிக் குலுக்கலாமா?

வேண்டாம். பலமாக இருமி, அழுகிறது என்றால் காற்றுப் போகிறது, இருமவிட்டுப் பக்கத்தில் இருங்கள். சத்தமே வராமல் திணறினால் முன்பக்கம் குனியவைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடியால் 5 அடி. வராவிட்டால், ஒரு வயதுக்கு மேல் என்றால் பின்னால் இருந்து தொப்புளுக்கு மேலே 5 தரம் உள்ளே மேலே அமுக்குங்கள், ஒரு வயதுக்குக் கீழே என்றால் வயிற்றில் அல்ல, நெஞ்சு நடுவே ஒரு உள்ளங்கையின் அடியால். மாறி மாறிச் செய்யும்போதே இன்னொருவர் 1990க்கு அடிக்கட்டும். கண்ணுக்குத் தெரியாததை விரல் விட்டுத் துழாவினால் உள்ளேதான் தள்ளுவீர்கள்.

வாழைச்சேனை, ஒரு தாய்: மகளுக்குப் போன கிழமை புரையேறினது. இப்போ இருமல் இல்லை, எக்ஸ்ரே சரி. ஒரு டொக்டர் குழாய் விட்டுப் பார்க்கச் சொல்கிறார், மற்றவர் பொறுத்துப் பார்க்கலாம் என்கிறார். யார் சரி?

இதில் எங்களுக்குள்ளேயே ஒரே கருத்து இல்லை. வாயில் கச்சான் இருந்ததை ஒருவர் கண்ணால் கண்டு, உடனே மூச்சுத் திணறியது என்றால் நான் பார்த்துவிடுவதன் பக்கம்தான் சாய்வேன். சிடி ஸ்கேன் எடுத்து முடிவு செய்பவர்களும் உண்டு. புரையேறினதா இல்லையா என்றே உறுதியில்லாமல், நெஞ்சும் இரண்டு பக்கமும் ஒன்றாகக் கேட்டால் பொறுப்பதிலும் நியாயம் இருக்கிறது. அப்படியென்றால் திரும்பக் காட்ட ஒரு திகதி கேட்டு வாங்குங்கள், அதற்கு முன் இருமலோ இழுப்போ காய்ச்சலோ வந்தால் அந்தத் திகதிக்குக் காத்திருக்காமல் போங்கள். வாயில் என்ன இருந்தது, யார் கண்டது, எத்தனை நிமிஷம் திணறினாள் என்று கிளினிக் கொப்பியில் இன்றைக்கே எழுதி வையுங்கள்.