உருபு முன்னால் வருமா, பின்னால் வருமா: அதைத் தீர்மானிப்பது எது?

கேள்வி: "தமிழில் 'பெரிய வீடு', 'மேசையின் மேல்' என்கிறோம். அடைமொழி பெயருக்கு முன்னால் வருகிற மொழியில் 'மேல்' போன்ற உருபு பின்னால் வரும், அடைமொழி பின்னால் வந்தால் உருபு முன்னால் வரும் என்று படித்தேன். இவை இரண்டுக்கும் என்ன சம்பந்தம்? ஏன் அப்படி?"

முதலில் 'பெரிய' என்ற சொல்லை இந்தக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். அடைமொழி என்று பொதுவாகச் சொல்லும்போது 'பெரிய' போன்ற பெயரடை, 'மனிதனுடைய' போன்ற உடைமைச் சொல், 'அண்ணன் வாங்கிய' போன்ற பெயரெச்சத் தொடர் ஆகிய மூன்றையும் ஒரே கூடையில் போட்டுவிடுகிறோம். உருபோடு உண்மையில் ஒட்டி நடப்பது இரண்டாவது. மூன்றாவது ஓரளவுக்கு ஒத்துப்போகும். பெயரடையை நம்பவே முடியாது. ஆங்கிலத்தையே பாருங்கள்: 'பிக் ஹவுஸ்' என்று தமிழைப் போலவே பெயரடை முன்னால் வருகிறது, ஆனால் உருபு 'ஆன் தி டேபிள்' என்று முன்னால் நிற்கிறது. ஸ்பெயினின் வடக்கே பேசப்படும் பாஸ்க் மொழி இதற்கு நேர் எதிர். 'எச்செ ஆண்டியா' என்றால் 'பெரிய வீடு', ஆனால் சொல்வரிசை 'வீடு பெரிய'. இருந்தும் பாஸ்க்கில் உருபுகள் தமிழைப் போலப் பின்னால்தான் வரும். 'மனிதனுடைய வீடு' என்பதும் தமிழ் வரிசையிலேயே வரும்.

1992-இல் மொழியியலாளர் மாத்யூ டிரையர் 625 மொழிகளை எடுத்து ஆராய்ந்தபோது இதை உறுதிப்படுத்தினார். வினைக்கும் செயப்படுபொருளுக்கும் உள்ள வரிசையோடு உருபும் உடைமைச் சொல்லும் சேர்ந்து நடக்கின்றன. பெயரடை அதன் இஷ்டத்துக்கு நிற்கிறது. தொடரின் முக்கியச் சொல் முதலில் வருகிறதா கடைசியில் வருகிறதா என்று மொழிகளைப் பிரித்துக்காட்டும், இணையத்தில் சுற்றும் 'தலைச்சொல் முதல், தலைச்சொல் கடை' அட்டவணைகள் பலவற்றில் பெயரடையும் ஒரு வரிசையாக இடம்பெறுவது பழைய எண்ணத்தின் மிச்சம்.

உடைமைக்கும் உருபுக்கும் உள்ள உறவை ஜோசப் கிரீன்பெர்க் 1963-இல் வெளியான தம் கட்டுரையிலேயே சொல்லியிருக்கிறார். 30 மொழிகளை ஒப்பிட்டு அவர் வகுத்த பொது விதிகளில் இரண்டாவது இது: உருபு முன்னால் வரும் மொழிகளில் உடைமைச் சொல் ஏறக்குறைய எப்போதும் பெயருக்குப் பின்னால் வரும்; உருபு பின்னால் வரும் மொழிகளில் ஏறக்குறைய எப்போதும் முன்னால் வரும். கேள்வியில் நீங்கள் படித்ததாகச் சொல்வது இந்த விதியின் தளர்ந்த வடிவமாக இருக்க வேண்டும்.

ஏன் என்பதற்கு வருகிறேன். எனக்குத் திருப்தி தரும் விடை வரலாற்றில் இருக்கிறது. உருபுகள் வானத்திலிருந்து விழுந்தவை அல்ல. பெரும்பாலானவை ஒரு காலத்தில் முழுப் பெயர்களாகவோ வினைகளாகவோ இருந்தவை. தேய்ந்து உருபானபின்பும், சொல்லாக இருந்தபோது நின்ற இடத்திலேயே நிற்கின்றன.

இதற்குத் தமிழனுக்கு வெளிநாட்டுச் சான்று தேவையில்லை. தொல்காப்பியத்தின் வேற்றுமையியலில் ஏழாம் வேற்றுமைப் பொருளில் வரும் சொற்களின் பட்டியல் ஒன்று உண்டு: கண், கால், புறம், அகம், உள், உழை, கீழ், மேல், பின், சார், அயல், புடை, முன், இடை, கடை, தலை, வலம், இடம் என்று போகிறது. அதில் கண், கால், தலை என்று உடலுறுப்புகளின் பெயர்கள் நிற்பதைக் கவனியுங்கள். மற்றவை பக்கத்தையும் இடத்தையும் குறிக்கும் பெயர்கள். 'ஊர்ப்புறத்து இருந்தான்' என்றால் ஊரின் புறத்தில் இருந்தான். 'மேசையின் மேல்' என்பதில் 'இன்' எதற்கு வருகிறது என்று யோசித்தால் விஷயம் விளங்கிவிடும். 'மேசையின் கால்' என்பதும் 'மேசையின் மேல்' என்பதும் அமைப்பில் ஒன்றே. தமிழில் உடையவரைக் குறிக்கும் உடைமைச் சொல் முன்னால், உடைய பொருள் பின்னால். அந்தப் பொருளின் பெயர்தான் நாளடைவில் உருபாகிறது. ஆகவே அது பின்னால் நிற்பதில் வியப்பே இல்லை.

உடைமைச் சொல் பின்னால் வரும் மொழியில் இதே கதை கண்ணாடியில் தெரிவதுபோல நடக்கிறது. சுவாஹிலியில் 'குழந்தையின் புத்தகம்' என்பது 'கிதாபு ச்சா ம்தோதோ', அதாவது புத்தகம் முதலில், குழந்தை பிறகு. 'மேசையின் மேல்' என்பது 'ஜூ யா மேசா'. 'ஜூ' மேற்பகுதி, 'யா' நம் 'இன்' போன்ற இணைப்பு, பிறகு மேசை. ஆங்கிலத்தின் 'இன் ஃப்ரண்ட் ஆஃப்', 'பிகாஸ் ஆஃப்' எல்லாம் இதே ரகம்; உள்ளே ஒரு பெயர், அதைத் தொடர்ந்து 'ஆஃப்'.

வினையிலிருந்து பிறந்த உருபுகளும் அப்படியே. 'அதைப் பற்றி', 'அவனை நோக்கி', 'கத்தியைக் கொண்டு', 'இதைக் குறித்து' ஆகிய ஒவ்வொன்றிலும் உருபுக்கு முன்னால் 'ஐ' வருவது, அது வினையெச்சமாக இருந்த நாளின் அடையாளம். தமிழில் செயப்படுபொருள் வினைக்கு முன்னால் வருவதால் 'பற்றி' பின்னால் விழுந்தது. ஆங்கிலத்தின் 'ரிகார்டிங்' நம் 'குறித்து' போல வினையிலிருந்து வந்ததுதான். அங்கே வினைக்குப் பின்னால் செயப்படுபொருள் வருவதால் 'ரிகார்டிங் திஸ்' என்றாகிவிட்டது.

இந்த விளக்கம் சரியா என்று சோதிக்க, வினை வரிசையும் உடைமை வரிசையும் பிரிந்து போகிற மொழிகளைப் பார்க்க வேண்டும். பாரசீகத்தில் வினை தமிழைப் போலக் கடைசியில் வரும். ஆனால் உடைமைச் சொல் பெயருக்குப் பின்னால் வரும். தமிழைப் பழகிய கண்ணுக்கு, வினை கடைசியில் என்றால் உருபும் பின்னால் இருக்க வேண்டும். ஆனால் பாரசீகத்தில் உருபு முன்னால். 'மேசையின் மேல்' என்பது 'ரூ-யே மீஸ்'. 'ரூ' என்றால் முகம். மேசையின் முகம் என்ற உடைமைத் தொடரே மேசையின் மேல் ஆகியிருக்கிறது.

பின்னிஷ் மொழியில் இது தலைகீழ். வினைக்குப் பின்னால்தான் செயப்படுபொருள் வரும், ஆங்கிலம் போல. உடைமைச் சொல்லோ பெயருக்கு முன்னால். உருபு? 'தாலோன் தகானா', வீட்டின் பின்னால். இரண்டு மொழிகளிலும் உருபு வினையின் பக்கம் சாயாமல் உடைமையின் பக்கம் நின்றுவிட்டது.

பின்னிஷில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு சொல் உண்டு: 'கெஸ்கெல்லா', நடுவில் என்று பொருள். 'நகரத்தின் நடுவில்' என்பதை இரண்டு விதமாகச் சொல்லலாம். ஆறாம் வேற்றுமையில் சொன்னால் 'கௌபுங்கின் கெஸ்கெல்லா', உருபு பின்னால். பகுதியைக் குறிக்கும் வேறொரு வேற்றுமையில் சொன்னால் 'கெஸ்கெல்லா கௌபுங்கியா', அதே உருபு முன்னால். சொல்லும் மொழியும் பொருளும் மாறவில்லை. உடைமை உருபு போனதும் இடமும் மாறிவிட்டது.

சீன மொழி இரண்டு வழிகளையும் ஒரே தொடரில் காட்டும். அங்கே வினைக்குப் பின்னால் செயப்படுபொருள், ஆனால் பெயருக்கு முன்னால் உடைமைச் சொல். 'மேசையின் மேல்' என்பது 'ட்சாய் ச்சுவோட்ஸ ஷாங்'. 'ட்சாய்' என்பது 'இரு' என்ற வினை, அதனால் முன்னால். 'ஷாங்' என்பது மேற்பக்கம் என்ற பெயர், அதனால் பின்னால். மேசை நடுவில் மாட்டிக்கொண்டது.

சரி, வரலாறு மட்டுமே போதுமா? போதாது. சொல்வரிசை நூற்றாண்டுகளில் மாறும். உருபு பழைய இடத்திலேயே நின்றுவிட்டால், ஒத்துப்போகாத மொழிகள் இன்னும் நிறைய இருந்திருக்க வேண்டும். இங்கேதான் ஜான் ஹாக்கின்ஸ் முன்வைத்த விளக்கம் உதவுகிறது: கேட்பவர் வாக்கியத்தின் அமைப்பை விரைவில் பிடிக்க வேண்டுமானால், அதன் முக்கியச் சொற்கள் அருகருகே இருக்க வேண்டும். ஒரு வாக்கியத்தில் பார்ப்போம்.

'புத்தகத்தைப் போன மாதம் அண்ணன் மதுரையில் வாங்கிய மேசையின் மேல் வைத்தான்.' மேசை, மேல், வைத்தான் மூன்றும் வரிசையாக ஒட்டி நிற்கின்றன. இடைச்செருகல் எல்லாம் அவற்றுக்கு இடப்பக்கம் ஒதுங்கிவிட்டது. இப்போது தமிழில் 'மேல்' மட்டும் முன்னால் வருவதாகக் கற்பனை செய்யுங்கள்: 'புத்தகத்தை மேல் போன மாதம் அண்ணன் மதுரையில் வாங்கிய மேசையின் வைத்தான்.' 'மேல்' என்று கேட்டவர், எதன் மேல் என்று தெரிய ஐந்து சொற்கள் காத்திருக்க வேண்டும். என்ன செய்தான் என்று தெரிய இன்னும் ஒன்று. ஆங்கிலத்தில் இதே மூன்று முக்கியச் சொற்களும் வாக்கியத்தின் முன்பக்கத்தில் கூடிவிடும், 'அண்ணன் வாங்கிய' சமாசாரமெல்லாம் பின்னால் போகும். இரண்டும் வசதியானவை; கலப்படம் செய்தால்தான் கஷ்டம். அதனால்தான் பழைய வரிசை மாறும்போது, பொருந்தாத பழைய உருபுகள் மெல்ல வழக்கொழிந்து, புதிய வரிசைக்கு ஏற்ற புதியவை பிறக்கின்றன.

பெயரடை ஏன் இந்த விதிக்குக் கட்டுப்படுவதில்லை என்பதற்கும் இங்கே ஒரு விடை கிடைக்கிறது. 'பெரிய' என்பது பெரும்பாலும் ஒற்றைச் சொல். 'மேல் பெரிய மேசை' என்று இருந்தாலும் இடைவெளி ஒரு சொல்தான். காதுக்கு அது பாரமே இல்லை. நீளமாக வளரக்கூடியவை உடைமைத் தொடரும் பெயரெச்சத் தொடரும்தான்.

இந்த விளக்கம் எல்லாவற்றையும் அடைத்துவிடாது. பாரசீகத்தில் முன்னால் வரும் உருபுகளுக்கு நடுவே, செயப்படுபொருளைக் குறிக்கும் 'ரா' மட்டும் 'கெதாப் ரா' என்று பெயருக்குப் பின்னால் நிற்கிறது. பழைய பாரசீகத்தில் பின்னால் வந்த ஓர் உருபின் எச்சம் அது. மிகவும் புழங்கிய சொல் என்பதால் தப்பித்துவிட்டது என்பது என் ஊகம். மேலும் 2011-இல் மைக்கேல் டன்னும் உடன் ஆய்வாளர்களும் நான்கு மொழிக் குடும்பங்களின் வம்ச மரங்களை வைத்துக் கணக்கிட்டு, இத்தகைய இணைப்புகள் குடும்பத்துக்குக் குடும்பம் வேறுபடுகின்றன என்று வாதிட்டார்கள். அந்த முறையைப் பலர் விமர்சித்தார்கள், நானும் அவர்கள் முடிவை முழுதாக ஏற்கவில்லை. ஆனால் ஒன்றை அவர்கள் சரியாகச் சொன்னார்கள்: எல்லா மொழிகளையும் ஒரே பட்டியலில் எண்ணினால், தமிழும் தெலுங்கும் கன்னடமும் மூன்று தனிச் சான்றுகள் ஆகிவிடுகின்றன. அவை மூன்றும் ஒரே மூதாதையிடமிருந்து வாங்கிய பழக்கம், ஒரே சான்றுதான். உங்கள் கேள்விக்கு உலக மொழிகளை எண்ணிப் பதில் தேடினால், முதலில் இந்தக் கழித்தலைச் செய்யுங்கள்.