பேச்சாளர் சொல்லாததைச் சுருக்கம் சொல்கிறது: கேள்வி பதில்

மாலைநேரம்: தடுப்பூசிகளைப் பாதுகாப்பது பற்றிய ஆங்கிலப் பேச்சைத் தானியங்கியாகத் தமிழாக்கி, அதிலிருந்து சுருக்கம் எடுத்தோம். "28 டிகிரியில் வைக்க வேண்டும்; உறையவைத்தால் இன்னும் நாள்படும் என்கிறார்" என்று வந்திருக்கிறது. இரண்டும் தப்பு. சுருக்கத்தில் மட்டும் மாற்றிவிட்டால் போதாதா சார்?

பதில்: போதாது. நாளைக்கே அந்தத் தமிழாக்கத்திலிருந்து வேறொருவர் சுருக்கம் எடுத்தால் அதே பிழை திரும்பி வரும். ஒலிப்பதிவு, ஆங்கில எழுத்துப்படி, தமிழாக்கம், சுருக்கம் என்று நான்கு படிகள் இருக்கின்றன. பிழை முதலில் தலைகாட்டும் படியில் திருத்தி, அதற்குக் கீழே உள்ளவற்றை மறுபடி எடுங்கள். 28 வந்த இடத்தில் ஆங்கில எழுத்துப்படி என்ன சொல்கிறது?

மாலைநேரம்: 228 என்று இருக்கிறது! தமிழாக்கத்திலும் 228தான்.

பதில்: அவர் "டூ டு எய்ட்" என்று சொல்லியிருப்பார், அதாவது 2 முதல் 8 டிகிரி வரை. வேகமாகப் பேசும்போது நடுவில் வரும் "டு"வும் இரண்டு என்றே எழுத்தாகிவிடும். 228 டிகிரி பார்த்தவுடனே உறுத்தும். சுருக்கத்தில் அது 28 ஆகி, நம்பும்படியான எண்ணாகிவிட்டது. இதுதான் மோசம்: எழுத்துப்படியில் பிழை கோணலாகத் தெரியும், சுருக்கத்துக்கு வரும்போது நல்ல சட்டை போட்டுக்கொள்ளும். ஆனால் என் ஊகத்தை வைத்துத் திருத்தாதீர்கள். அந்த இடத்தை வெட்டி, மெதுவாக்கிக் கேளுங்கள்:

```
ffmpeg -ss 00:41:10 -t 30 -i pechu.mp3 -af atempo=0.75 thundu.mp3
```

41ஆவது நிமிடம் 10ஆவது நொடியிலிருந்து 30 நொடி, முக்கால் வேகத்தில் கிடைக்கும். நேரத்தை உங்கள் எழுத்துப்படியில் உள்ள நேரக்குறிப்படி மாற்றிக்கொள்ளுங்கள்.

உறையவைக்கும் விஷயம் வேறு வகை. அதன் முன்னும் பின்னும் உள்ள வரிகளைப் போடுங்கள்.

மாலைநேரம்: ஆங்கிலத்தில் இப்படி இருக்கிறது (என் தமிழில்): "குளிர் கூடினால் நல்லது என்று நினைக்கிறார்கள். உறையவைத்தால் நாள்படும். அலுமினிய உப்பு சேர்ந்தவற்றுக்கு அது ஆகாது."

பதில்: எழுத்துப்படி சரிதான். நடுவாக்கியம் பேச்சாளரின் கருத்தல்ல, மற்றவர்கள் நினைப்பதை அவர்கள் குரலில் சொல்லிக் காட்டுகிறார். ஆங்கிலத்தில் அதைத் தொனியே காட்டிவிடும், தனிச்சொல் வேண்டாம். தமிழில் "நாள்படும் என்று" அல்லது "நாள்படுமாம்" என்று வந்தாக வேண்டும். தானியங்கி அதைச் சேர்க்கவில்லை. சுருக்கம் அந்த வாக்கியத்தை மட்டும் பொறுக்கி, "என்கிறார்" என்று ஒட்டிவிட்டது. மறுப்பு வாக்கியம் விழுந்துபோனதால் பொருள் தலைகீழாகிவிட்டது. அலுமினிய உப்பு சேர்ந்த தடுப்பூசி உறைந்தால் கெட்டுவிடும். தமிழாக்கத்தில் "நாள்படும் என்பது அவர்கள் எண்ணம்" என்று மாற்றிவிட்டுச் சுருக்கத்தை மறுபடி எடுங்கள். சுருக்கத்தில் "என்கிறார்" வரும் ஒவ்வொரு இடத்துக்கும் எழுத்துப்படியில் முன்னும் பின்னும் மூன்று வாக்கியம் படிப்பது நல்லது.

இரட்டைச்சுழி: இவ்வளவு எதற்கு? இரண்டு வெவ்வேறு மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டு, ஒத்துப்போனால் சரி என்று விட்டுவிடலாமே.

பதில்: பாதி சரி. மொழிபெயர்ப்பில் பிறந்த பிழை அப்படிச் சிக்கும். தடுப்பூசி உறைந்ததா என்று குலுக்கிப் பார்க்கும் "ஷேக் டெஸ்ட்" ஒன்றில் "குலுக்கல் சோதனை", இன்னொன்றில் "நடுக்கப் பரிசோதனை" என்று வந்தால் பிடித்துவிடலாம். ஆனால் 228ஐ இரண்டுமே 228 என்றுதான் தரும். இரண்டும் ஒரே எழுத்துப்படியைத்தானே படிக்கின்றன! இரண்டும் ஒத்துப்போவதால் ஒலிப்பதிவில் அப்படித்தான் இருக்கிறது என்று ஆகாது.

புதுவரவு: என்னிடம் உள்ள பேச்சில் பேச்சாளரே ஆண்டைத் தப்பாகச் சொல்கிறார். சுருக்கத்தில் சரியான ஆண்டைப் போட்டுவிட்டேன். சரிதானே?

பதில்: அது வேறு கணக்கு. அவர் சொன்னதை அப்படியே வைத்து, சரியான ஆண்டை "தொகுத்தவர் குறிப்பு" என்று பக்கத்தில் போடுங்கள். சத்தமில்லாமல் மாற்றினால், பின்னால் ஒலிப்பதிவோடு ஒப்பிடுபவர் உங்கள் திருத்தத்தையே பிழை என்பார்.

ஒற்றெழுத்து: மூலமொழி எனக்குத் தெரியாது. தமிழாக்கத்தைத் திரும்ப மூலமொழிக்கு மாற்றி ஒப்பிடலாமா அண்ணா?

பதில்: அதே கருவியில் செய்தால், போகும்போது செய்த தப்பை வரும்போது அதுவே மறைத்துவிடக்கூடும். எண், பெயர், "இல்லை" வரும் வாக்கியங்களை மட்டும் நேரக்குறியோடு பட்டியலிட்டு, மொழி தெரிந்தவரைக் கேட்கச் சொல்லுங்கள். முழுப் பேச்சையும் கேட்கச் சொன்னால் மாட்டேன் என்பார்கள். பத்துப் பன்னிரண்டு துண்டு என்றால் ஒத்துக்கொள்வார்கள்.

இரட்டைச்சுழி: "இருக்கலாம் என்று நினைக்கிறேன்" என்பதைச் சுருக்கம் "இருக்கிறது" ஆக்கினால் அதுவும் பிழையா? சுருக்கம் என்றாலே வெட்டுவதுதானே.

பதில்: என் கணக்கில் பிழை, நான் "லாம்"ஐத் திரும்பப் போட்டுவிடுவேன்.

மாலைநேரம்: அவர் வாக்கியத்துக்கு வாக்கியம் "நினைக்கிறேன்" என்கிறாரே சார், அது வெறும் பேச்சுப் பழக்கம். எல்லாவற்றையும் போட்டால் படிக்கவே முடியாது.

பதில்: அப்படிப்பட்டவர் பேச்சில் எது பழக்கம், எது தயக்கம் என்று ஒலிப்பதிவைக் கேட்டுத்தான் பிரிக்க வேண்டும். அளவு, வெப்பநிலை சொல்லும் இடத்தில் மட்டுமாவது விடாதீர்கள். மற்ற இடங்களில் நீங்கள் சொல்வதும் நியாயம்தான். அப்புறம், 41ஆவது நிமிடத்தைக் கேட்டீர்களா?

மாலைநேரம்: கேட்டேன். "டூ டு எய்ட்"தான்.