"கேன்சல்" என்று மட்டும் வந்தால் பாட் என்ன சொல்ல வேண்டும்?

"வாட்ஸ்அப்பில் ஹட்டன்–கொழும்பு வேன் சீட் புக்கிங் பாட் செய்கிறேன். ஆட்கள் வெறுமனே 'கேன்சல்' என்று அனுப்பினால் 'புரியவில்லை' என்றே பதில் போகிறது. என்ன செய்யலாம்?"

தம்பி, அந்த மெசேஜை 'புரியவில்லை' என்கிற பொது ஃபால்பேக் பதிலுக்கு விடாதீங்க. கட்டளை தெரிந்துவிட்டது, எதை என்பதுதான் இல்லை, அதனால் அதை மட்டும் கேட்கணும்.

கேட்பதற்கு முன் அந்த நம்பரில் இனி வரப்போகும் புக்கிங் எத்தனை என்று பாருங்க. ஒன்றும் இல்லையென்றால் அதைச் சொல்லி, வேறு நம்பரில் போட்டதா என்று கேளுங்க. ஒன்றுதான் என்றால் "வெள்ளி காலை 5 மணி வேன், 2 சீட், ரத்து செய்யவா?" என்று ஆம், இல்லை பட்டனோடு அனுப்புங்க. ஒன்றே இருந்தாலும் கேட்காமல் ரத்து செய்யக்கூடாது, பெருநாள் நேரத்தில் போன சீட் திரும்பக் கிடைக்காது. பல இருந்தால் பட்டியல் காட்டுங்க. வாட்ஸ்அப்பில் பட்டன் 3 தான் போடலாம், லிஸ்ட் என்றால் 10 வரிசை வரை போகும்.

அப்புறம், "ரத்து காத்திருக்கிறது" என்று ஒரு பத்து நிமிடத்துக்குச் சேமித்து வையுங்க, இல்லாவிட்டால் அவர் "வெள்ளிக்கிழமை" என்று பதில் போட்டதும் பாட் அதைப் புது புக்கிங் என்று எடுத்துக்கொள்ளும். இடையில் வேறு கட்டளை வந்தால் பழையதை விட்டுவிடணும். இரண்டு முறை கேட்டும் தெளிவாகவில்லையா, ஆளிடம் கொடுத்துவிடுங்க.

"கேன்சல் பண்ணினா காசு கிடைக்குமா?" என்பதிலும் அதே சொல் இருக்கிறது, ஆனால் அது கேள்வி. சொல்லை மட்டும் பார்த்துப் பிடித்தால் இங்கே மாட்டிக்கொள்வீங்க, "-னா", "-மா" என்று முடிபவற்றை முதலில் பிரித்துவிடுங்க.