அது போன வருஷ நோட்டீஸுங்க

கேள்வி: எங்களுடையது பெருந்துறைப் பக்கம் ஒரு கிராமம். மாரியம்மன் நோம்பி சாட்டியாயிற்று. ஏப்ரல் 22 புதன்கிழமை பொங்கல். நான் விழாக் குழுவில் இருக்கிறேன். ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் போன வருஷ நோட்டீஸை ஃபார்வர்டு செய்துவிட்டார். அதில் பொங்கல் 23 என்று இருக்கிறது. அடியில் பழைய பொருளாளரின் ஜிபே கியூஆர் வேறு. குழு அட்மின் எனக்குப் பாடம் நடத்திய வாத்தியார். “போலி நோட்டீஸை உடனே நீக்காவிட்டால் சட்டப்படி நடவடிக்கை எடுக்கப்படும்” என்று விழாக் குழு லெட்டர்பேடில் எழுதி வைத்திருக்கிறேன். அனுப்பலாமா?
– விழாக் குழு உறுப்பினர், ஈரோடு மாவட்டம்

பதில்: அனுப்பாதீர்கள். அந்த ஒரு வரியில் இரண்டு வம்பு இருக்கிறது.

முதல் வம்பு, ‘போலி’. அந்த நோட்டீஸ் போலி இல்லையே. போன வருஷக் குழு முறைப்படி அச்சடித்து வீடு வீடாகக் கொடுத்ததுதானே அது? அதைப் போலி என்று லெட்டர்பேடில் எழுதி, அந்தக் கடிதத்தையும் யாராவது போட்டோ எடுத்து குழுவில் போட்டுவிட்டால், பழைய குழுக்காரர்கள் சும்மா இருப்பார்களா? முக்கியமாக அந்தப் பழைய பொருளாளர். “நான் போலியா?” என்று அவர் ஒரு வார்த்தை கேட்டால் நோம்பி முடிகிற வரைக்கும் ஊரில் அதுதான் பேச்சு.

இரண்டாவது, ‘சட்டப்படி நடவடிக்கை’. வாத்தியார் மேல் என்ன நடவடிக்கை எடுப்பீர்கள்? வேறொருவர் போட்ட பதிவுக்கு, அட்மினாக இருந்த ஒரே காரணத்துக்காக ஒருவரைக் குற்றவாளி ஆக்க முடியாது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021 டிசம்பரில் அப்படித்தான் சொன்னது. அந்த வழக்கும் நம் பக்கத்து விவகாரம்தான்: கரூர் வழக்கறிஞர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் வேறொருவர் போட்ட பதிவுக்காக அட்மின் மேலும் வழக்குப் போட்டிருந்தார்கள். அவர் அட்மினாக இருந்தது தவிர வேறு எதுவும் செய்யவில்லை என்றால் பெயரை நீக்கிவிட வேண்டும் என்றது நீதிமன்றம். உங்கள் மிரட்டலுக்குப் பல் கிடையாது. வாத்தியாருக்கு அது தெரிந்திருந்தால் சிரிப்பார், தெரியாவிட்டால் கோபப்படுவார். இரண்டில் எது நடந்தாலும் நோட்டீஸ் அங்கேயேதான் கிடக்கும்.

கடிதம் எழுத உட்காரும் முன் ஒரு வேலை. குழுவில் வந்திருக்கும் படத்தையும், போன வருஷம் அச்சடித்த தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். படத்திலுள்ள கியூஆரை ஸ்கேன் செய்து, என்ன பெயர் வருகிறது என்று மட்டும் பார்த்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். பணம் போட வேண்டாம். பழைய பொருளாளர் பெயர் வந்தால் இது வெறும் பழைய தாள். அறியாத பெயர் வந்தால் யாரோ கியூஆரை மாற்றி ஒட்டியிருக்கிறார்கள். அப்போது வாத்தியாருக்கு எழுதுவதோடு நிற்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கும் சொல்ல வேண்டும். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் பழைய தாள் என்றே தோன்றுகிறது. அதை வைத்தே மேலே போகிறேன்.

இது பழையது என்பதற்கு ஆதாரம் அந்தத் தாளிலேயே இருக்கிறது. போன வருஷம் ஏப்ரல் 23 புதன்கிழமை, தமிழுக்குச் சித்திரை 10. நம் பக்கம் பூச்சாட்டு செவ்வாய், பொங்கல் புதன் என்று கிழமையை வைத்துத்தான் நோம்பி குறிப்பது வழக்கம். ஆங்கிலத் தேதியும் தமிழ்த் தேதியும் வருஷா வருஷம் அநேகமாகச் சேர்ந்தே வரும். கிழமை மட்டும் ஒன்று தள்ளிப்போகும், லீப் வருஷம் குறுக்கே வந்தால் இரண்டு. அதனால் இந்த வருஷம் அதே சித்திரை 10, அதே ஏப்ரல் 23, வியாழனில் விழுகிறது. வியாழக்கிழமையில் பொங்கல் வைக்கிற ஊரா உங்களுடையது? நோட்டீஸின் தலைப்பில் ‘விசுவாவசு வருடம்’ என்றும் இருக்கும், பாருங்கள். இந்தச் சித்திரையில் பிறந்தது பராபவ. பெரியவர்கள் கண்ணில் அது உடனே படும். திருப்பூர் பனியன் கம்பெனியில் ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் போனைப் பார்க்கிற பையன் ‘23’ என்ற எண்ணை மட்டும்தான் பார்ப்பான்.

ஒரு நாள் வித்தியாசம்தானே என்று வாத்தியார் நினைக்கக்கூடும். அதனால் அந்த ஒரு நாளில் என்ன கெடும் என்பதைக் கடிதத்தில் சொல்லிவிடுங்கள். 23-ஆம் தேதி என்று நம்பி லீவு போட்டு, பச்சரிசி இடித்து மாவிளக்குத் தட்டத்தோடு வந்து இறங்குகிற பெண்ணுக்கு முன்னால் மஞ்சள் நீராட்டு நடந்துகொண்டிருக்கும். கம்பத்தையும் பிடுங்கியிருப்பார்கள்.

பணத்தைப் பற்றி ஒரே வரி போதும், பெயரும் எண்ணும் வேண்டாம். ஆனால் கடிதம் போவதற்கு முன்பே பழைய பொருளாளருக்கு நீங்களே போன் செய்து விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். குழுவில் பார்த்துத்தான் அவருக்குத் தெரிய வந்தது என்று ஆகக் கூடாது. இதில் ஆபத்து எங்கே என்றால், ஸ்கேன் செய்கிறவருக்குத் தெரிந்த முகத்தின் பெயர் வரும். “நம்ம அண்ணன்தானே” என்று சந்தேகமே இல்லாமல் வரிப் பணத்தைப் போட்டுவிடுவார்கள். அவர் மேல் துளியும் தப்பில்லாமலே அவர் கணக்கில் ஊர்ப் பணம் சேரும்.

இனி கடிதம். லெட்டர்பேடு வேண்டாம், குழுவிலும் போட வேண்டாம். வாத்தியாரின் தனி எண்ணுக்கு இப்படி அனுப்புங்கள்:

“வாத்தியாரய்யாவுக்கு வணக்கமுங்க. நம்ம ஊர் குழுவில் இன்னைக்குக் காலையில் 7.40-க்கு வந்த மாரியம்மன் நோம்பி நோட்டீஸ் போன வருஷத்துதுங்க. தலைப்பில் விசுவாவசு வருடம்னு இருக்குதுங்க. அதில் பொங்கல் ஏப்ரல் 23 புதன்னு போட்டிருக்கு. இந்த வருஷம் 23 வியாழனுங்க. நமக்குப் பொங்கல் ஏப்ரல் 22 புதன்கிழமை. 23 மஞ்சள் நீராட்டு. வெளியூர்க்காரங்க தேதி மாறி வந்துட்டா மாவிளக்கு எடுக்க முடியாதுங்க. வரி செலுத்தற கியூஆரும் இந்த வருஷம் மாறியிருக்குதுங்க. அனுப்பினவர் தெரியாமத்தான் அனுப்பியிருப்பார், அவர்கிட்டயும் நான் பேசிட்டேனுங்க. தயவுசெய்து அந்தப் படத்தை எல்லாருக்கும் அழியற மாதிரி எடுத்துட்டு, கூட அனுப்பியிருக்கிற இந்த வருஷ நோட்டீஸைப் போட்டு மேலே பின் பண்ணி வெச்சீங்கன்னா பெரிய உதவியா இருக்குமுங்க. விழாக் குழு சார்பில், உங்க மாணவன்.”

கடிதத்தில் ‘பேசிட்டேனுங்க’ என்று எழுதுகிறீர்கள் அல்லவா, நிஜமாகவே பேசுங்கள். அனுப்பியவர் தானே அழித்துவிட்டால் இன்னும் நல்லது. அதற்கு அவருக்கு ஏறக்குறைய இரண்டு நாள்தான் அவகாசம் உண்டு. அதற்குப் பிறகு எல்லாருக்கும் அழிக்கிற வசதி போய்விடும், அவர் போனிலிருந்து மட்டுமே அழிக்கலாம். அதனால் இன்றே கூப்பிடுங்கள். அவர் எடுக்காவிட்டால் அட்மின் எடுக்கலாம். பதிவை அழுத்திப் பிடித்து, குப்பைத்தொட்டிப் படத்தைத் தொட்டு, Delete for everyone என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வாத்தியார் அந்தக் காரியத்தை இதுவரை செய்திருக்காவிட்டால், சாயங்காலம் ஒரு நடை போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து காட்டிக் கொடுங்கள். தவறிப்போய் Delete for me என்பதைத் தொட்டுவிட்டால் அவர் போனில் மட்டும் காணாமல் போகும். “எடுத்துட்டேனே” என்று அவர் சொல்வார், ஊரெல்லாம் இன்னும் 23-ஐப் பார்த்துக்கொண்டிருக்கும். அழிந்ததா என்று உங்கள் போனில் பாருங்கள்.

அட்மின் அழித்தால் அந்த இடத்தில், அட்மின் இன்னார் அழித்தார் என்று எல்லாருக்கும் தெரியும்படி ஒரு வரி நிற்கும். “என்னத்தை அழிச்சீங்க வாத்தியாரே?” என்று பத்துப் பேர் கேட்பார்கள், யாராவது கேலரியில் இறங்கிக் கிடக்கும் அதே படத்தை “இதுதான்” என்று மறுபடியும் போடுவார். அதற்கு இடம் கொடுக்காமல் இருக்கத்தான் புது நோட்டீஸையும் கூடவே அனுப்பச் சொன்னேன். அழித்த அடுத்த நிமிஷம் அது வர வேண்டும். பின் பண்ணும்போது 24 மணி நேரமா, 7 நாளா, 30 நாளா என்று கேட்கும். பொங்கலுக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

பழைய படத்தை மறுபடியும் போட்டு, அடியில் “இது தவறு” என்று எழுத வேண்டாம். அடுத்த கைக்குப் போகும்போது எழுத்து உதிர்ந்து படம் மட்டும் போகும்.

வாத்தியாரால் அவர் குழுவில் மட்டும்தான் அழிக்க முடியும். பங்காளிகள் குழு, மகளிர் சுய உதவிக் குழு, பால் சொசைட்டி குழு என்று படம் எங்கெல்லாம் போயிருக்கிறதோ அங்கெல்லாம் தனித்தனியாகக் கேட்க வேண்டும். எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று ஊகிக்க ஒரு வழி உண்டு. படத்துக்கு மேலே ஒற்றை அம்புக்குறி இருந்தால் சில கைகள்தான் மாறியிருக்கிறது. இரட்டை அம்புக்குறியோடு Forwarded many times என்று இருந்தால் குறைந்தது ஐந்து கையாவது மாறி வந்திருக்கிறது. அந்த நிலையில் ஒவ்வொரு அட்மினாகத் தேடிப் பிடிப்பதை விட, புது நோட்டீஸை அத்தனை குழுவிலும் போடச் சொல்வதுதான் ஆகிற காரியம். கூடவே கோயில் மைக்கில் காலையும் மாலையும் தேதியைச் சொல்லுங்கள். போனே பார்க்காத பாட்டிகள்தான் வெளியூர்ப் பேத்திகளுக்குத் தேதி சொல்கிறவர்கள்.

வாத்தியார், “யாருடைய பதிவையும் நான் அழிப்பதில்லை” என்று கொள்கையாகச் சொன்னால் மல்லுக்கட்ட வேண்டாம். பழைய படத்துக்கே பதிலாக ஒரு வரி, “இது 2025 நோட்டீஸ், இந்த வருஷம் பொங்கல் ஏப்ரல் 22 புதன்” என்று அவர் பெயரில் போடச் சொல்லுங்கள், புதியதைப் பின் பண்ணச் சொல்லுங்கள். உங்களுக்கு வேண்டியதில் முக்கால்வாசி அதிலேயே கிடைத்துவிடும்.

புது நோட்டீஸ் இன்னும் அச்சகத்தில் இருந்தால் 2026 என்பதைத் தலைப்பில் பெரிதாகப் போடச் சொல்லுங்கள். தமிழ் வருஷப் பெயர் மட்டும் இருப்பதால்தான் அடுத்த சித்திரையிலும் அது புதிது போல உலாவுகிறது. கியூஆரை நோட்டீஸில் அச்சடிக்காமல் ரசீதுப் புத்தகத்தோடு வைத்துக்கொள்வதும் உத்தமம். பழைய பொருளாளர் கணக்குக்கு ஏற்கெனவே யாராவது வரி அனுப்பியிருந்தால், அவரிடமிருந்து பெயர், தொகை, தேதியோடு பட்டியல் வாங்கி, அந்தப் பணத்தை விழாக் குழுக் கணக்குக்கு மாற்றச் சொல்லி, கட்டியவர் பெயரிலேயே இந்த வருஷ ரசீது போட்டுக் கொடுத்துவிடுங்கள்.