மலைப் பாதையில எதிர்ல வர்ற தெரியாதவருக்கு தலையாட்டணுமா?

கேள்வி: எனக்கு ஊர் கடலூர் மஞ்சக்குப்பம். ஞாயித்துக்கிழமை காலைல செஞ்சி ராஜகிரி கோட்டை ஏறப் போவேன், சில நாள் தனியாவே. எதிர்ல இறங்கி வர்றவங்க யாருன்னே தெரியாது, ஆனா தலையாட்டிட்டு போறாங்க. நம்ம சில்வர் பீச்ல இப்படி யாரும் பண்றதில்லையே, இது எதுக்கு? நானும் பண்ணணுமா? பொண்ணா இருக்கறதால தப்பா எடுத்துப்பாங்களோன்னு யோசனையா இருக்கு.

பதில்: பண்ணுங்கம்மா. சிரிக்கணும்னு அவசியமில்ல, நிக்கணும்னும் அவசியமில்ல. கண்ணைப் பார்த்து தலையை லேசா கீழே ஒரு தடவை இறக்கினா போதும்.

பீச்ல ஏன் இல்லன்னு கேட்டீங்கள்ல, அங்கேர்ந்தே ஆரம்பிக்கிறேன். பாண்டி கடற்கரை சாலைல சாயங்காலம் வண்டியை நிறுத்திட்டு நடக்க விடுறாங்க, அந்த நேரத்துல ஒரு முனைலேர்ந்து இன்னொரு முனைக்கு போறதுக்குள்ள நூத்துக்கணக்கான பேரைத் தாண்டுறோம், எல்லாருக்கும் வணக்கம் வைக்கணும்னா கழுத்து சுளுக்கிக்கும். அதனால கூட்டத்துல நாம வேற ஒரு மரியாதை பண்றோம், பார்க்காத மாதிரி போறது. எர்விங் காஃப்மன்னு ஒரு சமூகவியல் அறிஞர் 1963-லயே இதைப் பத்தி எழுதியிருக்காரு. எதிர்ல வர்றவரை கொஞ்ச தூரத்துலயே ஒரு பார்வை பார்த்துடுறோம், சுமார் எட்டடி நெருங்கினதும் கண்ணைத் தாழ்த்திக்கறோம், இது விளக்கை டிம் பண்ற மாதிரின்னு சொன்னாரு. ராத்திரி ஈசிஆர்ல எதிர் வண்டிக்கு டிம் அடிக்கறோமே, அதே சங்கதிதான். "உன்னைப் பார்த்துட்டேன், உன் கண்ணை உறுத்த மாட்டேன்" அவ்ளோதான்.

மலைல ஆள் குறைஞ்சு போச்சுன்னா இந்தக் கணக்கு தலைகீழா மாறிடும். பத்து நிமிஷத்துக்கு ஒருத்தர் தான் வர்றாருன்னா அவரைப் பார்க்காத மாதிரி போறது மரியாதையா தெரியாது, இவன் ஏன் முகத்தை மறைக்கறான்னு சந்தேகம் தான் வரும். தலையாட்டல் அந்த சந்தேகத்தை எடுத்துடுது. இடம் மலையா இல்லையாங்கறது முக்கியமே இல்ல, ஆள் எத்தனைங்கறது தான் முக்கியம். அதே கடற்கரை சாலைல விடியக்காலம் அஞ்சு மணிக்கு நடந்து பாருங்க, தெரியாதவங்களே தலையாட்டுவாங்க. ராஜகிரிலயும் பொங்கல் லீவு கூட்டத்துல யாரும் ஆட்ட மாட்டாங்க.

நமக்கு இது புதுசும் இல்ல. வெள்ளியங்கிரில எதிர்ல வர்ற முன்னப்பின்ன தெரியாதவருக்கு "நமசிவாய"ன்னு சொல்லிட்டு தான் போவாங்க, சபரிமலை பாதைல "சாமி சரணம்". ஆல்ப்ஸ்ல ஜெர்மன் பேசறவங்க "க்ரூஸ் காட்"னு சொல்றதும், ஜப்பான் மலைல "கொன்னிச்சிவா"ன்னு சொல்றதும் இதே வேலையைத் தான் செய்யுது.

இன்னொரு காரணம் தான் எனக்கு ரொம்ப முக்கியம். பாண்டிலேர்ந்து ஆட்களை மலைக்கு கூட்டிட்டு போறவன் நான். ஒரு தடவை பர்வதமலை போயிருந்தோம், அதுக்கு தென்மாதிமங்கலம் பக்கம் ஒரு வழி, கடலாடி பக்கம் ஒரு வழி. எங்க குரூப்ல ஒருத்தர் உச்சில பிரிஞ்சு முன்னாடி இறங்கிட்டாரு, நாங்க எல்லாரும் தென்மாதிமங்கலம் அடிவாரத்துல உக்காந்திருக்கோம், ரெண்டு மணி நேரமாச்சு, ஆளைக் காணோம், போன்ல டவர் இல்ல. அப்போ மேலேர்ந்து வந்த ஒரு பெரியவர், "நீலத் தொப்பி போட்டவரா? உச்சிகிட்ட நமசிவாய சொன்னாரு, தண்ணி கேட்டாரு, கடலாடி பக்கம் போனாரு"ன்னாரு. அங்க போய்ப் பார்த்தா ஒரு டீக்கடை வாசல்ல எங்களைத் தேடிட்டு நிக்கிறாரு. அந்த ஒரு வார்த்தை பேசாம தாண்டியிருந்தா பெரியவருக்கு தொப்பி ஞாபகம் இருந்திருக்குமா? அதுக்கப்புறம் எங்க ஆளுங்ககிட்ட, யாரைத் தாண்டினாலும் முகம் பார்த்துட்டு போங்கன்னு கண்டிப்பா சொல்லிடுவேன்.

இப்போ எப்படி பண்றதுன்னு பார்ப்போம். ராஜகிரில உச்சிக்கு கொஞ்சம் கீழ ஒரு பிளவு மேல பாலம் வருமே, அதுக்கு முன்னாடி இருக்கற படியில நீங்க ஏறிட்டு இருக்கீங்க, முப்பது நாப்பது அடி மேல ஒருத்தர் இறங்கி வர்றாரு. அப்பவே ஒரு தடவை பார்த்துடுங்க, தனியாளா, கைல என்ன இருக்கு, எந்தப் பக்கம் ஒதுங்கறாரு. அப்புறம் கண்ணை எடுத்துட்டு படியைப் பாருங்க, முறைச்சுகிட்டே ஏறினா ரெண்டு பேருக்கும் சங்கடம். பத்தடி இருக்கும்போது நிமிர்ந்து தலையாட்டல், தாண்டும்போது கண் பாதைல. அவ்ளோ தூரத்துலேர்ந்தே ஆட்டினா அப்புறம் கிட்ட வர்ற வரைக்கும் என்ன பண்றதுன்னு முழிக்கணும், தோளோட தோள் வந்தப்புறம் ஆட்டினா அவருக்கே தெரியாது.

தலை கீழ தான் போகணும், இதை கவனிங்க. வெளிநாட்டு வீடியோ பார்த்துட்டு தாடையை மேல தூக்கற பழக்கம் சிலருக்கு வந்திருக்கு, நம்ம ஊர்ல தாடையைத் தூக்கினா "என்ன?"ன்னு கேக்கறதா தான் அர்த்தம், அவர் நின்னு "என்னம்மா வேணும்?"னு கேட்டுடுவாரு.

வழி விடறதும் இதோட சேர்ந்தது தான். பொதுவா ஏறுறவங்களுக்குத் தான் முதல் வழி, ஏன்னா அவங்க கண்ணு கால்கிட்ட இருக்கும், மூச்சு ஒரு கணக்குல போயிட்டு இருக்கும், நின்னா மறுபடி பிடிக்கறது கஷ்டம். ஆனா உங்களுக்கே மூச்சு வாங்குதுன்னா நின்னுட்டு "நீங்க வாங்க"ன்னு கை காட்டுங்க. எப்ப ஒதுங்கினாலும் பாறைப் பக்கம் ஒதுங்குங்க, பள்ளத்துப் பக்கம் கூடாது. இமயமலைப் பாதைல கோவேறு கழுதை வரும்போதும் இதே தான், மூட்டை இடிச்சா விழறது பள்ளத்துல. பின்னாலேர்ந்து வந்து யாரையாவது தாண்டறதா இருந்தா தலையாட்டல் பிரயோஜனப்படாது, அவருக்கு முதுகுல கண் இல்ல, நாலஞ்சு அடிக்கு முன்னாடியே "சார், கொஞ்சம் வழி"ன்னு குரல் கொடுத்துடுங்க.

தனியா போற விஷயத்துக்கு வர்றேன். தலையாட்டும்போது நடை வேகம் குறையக் கூடாது, அது ஒண்ணே போதும், பேச்சுக்கு இடமில்லன்னு எதிராளுக்கு புரிஞ்சிடும். மேல குரங்கு இருக்கு பையை மூடிக்குங்கன்னு சொன்னா அது வழித் தகவல், "சரிங்கண்ணா"ன்னு சொல்லிட்டு போகலாம். "தனியாவா வந்தீங்க?"ன்னா அது உங்களைப் பத்தின தகவல், "இல்லண்ணா, பின்னாடி வர்றாங்க"ன்னு நடந்துட்டே சொல்லுங்க, இதுல பொய் சொன்ன குத்த உணர்ச்சியே வேணாம். தாண்டி இருபது முப்பது அடி போனதும் ஒரு தடவை திரும்பிப் பாருங்க. சாதாரண ஆளுன்னா இறங்கிட்டே இருப்பாரு. நின்னு பார்த்துட்டு இருந்தாலோ, மேல திரும்பி வந்தாலோ, அடுத்து ஆளுங்க இருக்கற இடம் மேலயா கீழயான்னு யோசிச்சு அங்க போயிடுங்க. நாலு பேர் குடும்பமா வந்தா அவங்ககூட சேர்ந்தே கொஞ்ச தூரம் நடங்க, "நானும் வரட்டுமா அக்கா"ன்னு கேட்டா போதும், நான் பார்த்த வரைக்கும் யாரும் மாட்டேன்னு சொன்னதில்ல.